ஒரு அட்டை, இரண்டு படம்: போட்டோவை வைத்துக் காப்பு சைஸ் எடுக்கும் முறை

களுவாஞ்சிகுடியில் வீட்டில் இருந்தபடியே நான் காப்பு விற்கிறேன். கண்ணாடிக் காப்பு, கவரிங் காப்பு, யாராவது கேட்டால் தெரிந்த பத்தரிடம் சொல்லித் தங்கத்திலும் செய்வித்துக் கொடுப்பேன். கடை இல்லை என்பதால் கையைப் பிடித்துப் பார்த்து அளவு சொல்ல வழியில்லை, எல்லாம் வட்ஸ்அப்பில் வரும் படம்தான். "அக்கா, இதுதான் மகளின் கை, சைஸ் பார்த்து அனுப்புங்க" என்று ஒரு படம் வரும், பார்த்தால் கையும் கதிரையின் பாதியும் இருக்கும்.

ஆரம்பத்தில் நானும் கண்மதிப்பில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். தம்பிலுவிலில் ஒரு பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்கு, கனடாவில் இருக்கும் அவளுடைய மாமி நான்கு டசின் கண்ணாடிக் காப்பு ஓடர் பண்ணினார். விரலை நன்றாக விரித்து மேசையில் வைத்து எடுத்த ஒரு படம் வந்தது. அகலமான கை என்று நினைத்து 2.10 அனுப்பினேன். பிள்ளை கையைத் தொங்கவிட்டதும் காப்பு முழுக்க விரல் வரைக்கும் வழுகி இறங்கிவிட்டது, சடங்கு முடியும் வரை அவள் கையை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள். மாமி கோபித்துக்கொள்ளவில்லை, ஆனால் எனக்குத்தான் வெட்கம். அதற்குப் பிறகு படத்தில் இருந்து ஒழுங்காக அளவெடுக்க ஒரு முறை வைத்திருக்கிறேன், அதைத்தான் இங்கே எழுதுகிறேன். வாங்குகிறவர், விற்கிறவர் இரண்டு பேருக்கும் உதவும்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கை பக்கத்திலேயே இருந்து, ஒரு நூலும் அடிமட்டமும் கிடைத்தால் இது ஒன்றும் தேவையில்லை. நூலைச் சுற்றி அளந்துவிடலாம். ஆனால் என்னிடம் நூல் அளவு அனுப்பியவர்களில் பாதிப் பேர் மணிக்கட்டைச் சுற்றித்தான் அளந்திருந்தார்கள், அது மூடிய காப்புக்கு உதவாது. படத்தில் எங்கே அளக்கிறேன் என்பதாவது என் கையில் இருக்கிறது.

எந்த இடம் முக்கியம்

மூடிய காப்பு, அதாவது ஆணியோ திறப்போ இல்லாத முழு வட்டம், மணிக்கட்டில் கிடக்கத்தான் வாங்குகிறோம். ஆனால் அங்கே போய்ச் சேர அது கையின் மிகப் பருத்த இடத்தைக் கடக்க வேண்டும். அந்த இடம் விரல் மொளி, விரல்கள் உள்ளங்கையோடு சேருகிற முட்டி வரிசை. மாமாங்கத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குப் போனால் காப்புக் கடைகளில் அம்மாமார் செய்வதைப் பாருங்கள். பிள்ளையின் கையை வாங்கி, பெருவிரலைச் சின்னவிரலின் அடிப்பக்கம் மடக்கி, மொளிகளை இரண்டு பக்கமும் நெருக்கி ஒரு குழல் மாதிரி ஆக்கிவிட்டுத்தான் காப்பை ஏற்றுவார்கள். மணிக்கட்டை யாரும் அளப்பதில்லை. நமக்கு வேண்டியதும் அந்தக் குழலின் அளவுதான். விரித்த கையின் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் இருந்து மூடிய காப்பின் அளவு கிடைக்காது.

சைஸ் எண்களில் ஒரு குழப்பம் இருக்கிறது. கடைகளில் 2.4, 2.6 என்று எழுதுவார்கள், "ரெண்டு நாலு, ரெண்டு ஆறு" என்று சொல்வார்கள். அது தசமம் இல்லை. புள்ளிக்குப் பின்னால் வருவது அங்குலத்தில் பதினாறில் எத்தனை பங்கு என்பது. 2.4 என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கு பங்கும், அதாவது இரண்டேகால் அங்குலம். அதனால்தான் 2.10 என்பது 2.8ஐ விடப் பெரியது. இரண்டு புள்ளி ஒன்று என்று வாசித்து, சின்னக் கைக்கு 2.10 கேட்டவர்களும் உண்டு. காப்பின் உள்விட்டம் மில்லிமீற்றரில் இப்படி வரும்:

2.2 – 54.0
2.4 – 57.2
2.6 – 60.3
2.8 – 63.5
2.10 – 66.7
2.12 – 69.9

ஒரு சைஸுக்கும் அடுத்ததுக்கும் மூன்று மில்லிமீற்றர் சொச்சம்தான். படத்தில் இருபதில் ஒரு பங்கு பிழைத்தாலே ஒரு சைஸ் மாறிவிடும், கீழே நான் படம் எடுக்கும் விதத்தில் கறாராக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அளவுகோல்: ஒரு பிளாஸ்டிக் அட்டை

படத்தில் அளவு தெரிந்த ஒரு பொருள் இருக்க வேண்டும். வங்கி அட்டை உலகம் முழுக்க ஒரே அளவு: நீளம் 85.6 மில்லிமீற்றர், அகலம் 54 மில்லிமீற்றர். நாணயம் வைத்து அனுப்புகிறார்கள், அது வேண்டாம். சின்னப் பொருளை அளப்பதில் அரை மில்லிமீற்றர் தவறினால் அது கையின் அளவில் மூன்று மடங்காகப் பெருகும். பேனை, லைட்டர், தீப்பெட்டி எல்லாம் கம்பனிக்குக் கம்பனி வேறு அளவு.

ஆனால் வங்கி அட்டையின் இலக்கம் தெரிகிற படத்தை எனக்கு மட்டுமில்லை, யாருக்கும் அனுப்பாதீர்கள். அதே அளவில் வேறு அட்டைகள் எத்தனையோ இருக்கின்றன, சிம் வாங்கும்போது சிம்மைச் சுற்றி வரும் முழு பிளாஸ்டிக் அட்டையும் அதே அளவுதான் (சில இடங்களில் பாதி அட்டையாகத் தருகிறார்கள், அது ஆகாது). வேறு எதுவும் இல்லையென்றால் வங்கி அட்டையின் மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிவிடுங்கள், நான்கு ஓரமும் தெரிந்தால் போதும்.

இன்னொன்று, அட்டையின் அகலமும் 2.2 காப்பின் உள்விட்டமும் ஒன்றுதான், இரண்டும் 54. வீட்டில் கிடக்கும் பழைய காப்பு என்ன சைஸ் என்று தெரியாவிட்டால் அட்டையை அதன் நடுவால் நிமிர்த்தி நுழைத்துப் பாருங்கள். இறுக்கமாக உள்ளே போனால் 2.2. போகாவிட்டால் அதிலும் சின்னது.

முதல் படம்: மேலிருந்து

கையை மேசையில் குப்புற வையுங்கள். மேலே சொன்ன மாதிரி பெருவிரலைச் சின்னவிரலின் அடி வரை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற நான்கு விரலையும் சேர்த்து நெருக்குங்கள். காப்பு ஏற்றும்போது எவ்வளவு நெருக்குவீர்களோ அவ்வளவு. அட்டையைக் கைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், ஆனால் மேசையில் நேரடியாக இல்லை, படுக்கவைத்த ஒரு தீப்பெட்டியின் மேல்.

தீப்பெட்டி ஏன் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கமராவுக்குக் கிட்ட இருப்பது பெரிதாகத் தெரியும், தள்ளி இருப்பது சிறிதாகத் தெரியும். கை ஒரு தடித்த பொருள், அதன் மிக அகலமான ஓரம் மேசையில் இருந்து ஏறக்குறைய ஒன்றரைச் சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. அட்டை மேசையோடு கிடக்க, போனை ஒரு அடி உயரத்தில் பிடித்து எடுத்தால் கை நூற்றுக்கு ஐந்து பங்கு பெரிதாக விழும், அதாவது சரியாக ஒரு சைஸ். படுத்த தீப்பெட்டியின் தடிப்பும் அந்த ஒன்றரைச் சென்ரிமீற்றர்தான், அதனால் அட்டையும் மொளியும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும்.

அதோடு போனையும் தள்ளிப் பிடிக்க வேண்டும். கையைத் தாழ்வான ஸ்டூலில் வைத்து, இன்னொருவர் நின்றபடி ஒரு மீற்றர் உயரத்தில் இருந்து சூம் பண்ணி எடுத்தால் நல்லது. 0.5 என்று போட்டிருக்கும் அகலக் கமரா கூடவே கூடாது, அது ஓரங்களை இழுத்துவிடும். செல்ஃபியும் வேண்டாம். கையும் அட்டையும் படத்தின் நடுவில் இருக்கட்டும்.

படம் நேராக எடுக்கப்பட்டதா, சரிந்ததா என்பதை அட்டையே சொல்லும். அட்டையின் நீளத்தையும் அகலத்தையும் படத்தில் அளந்து பாருங்கள், நீளம் 60 மில்லிமீற்றர் வந்தால் அகலம் 38 வர வேண்டும். 41 என்றோ 35 என்றோ வந்தால் போன் சரிந்திருக்கிறது, இடது ஓரமும் வலது ஓரமும் வேறு வேறு நீளம் என்றாலும் அதேதான். திரும்ப எடுக்கச் சொல்லுங்கள், கணக்கில் சரிக்கட்டப் போகாதீர்கள். நான் முயன்று பார்த்தேன், பிழைத்தது.

இரண்டாவது படம்: கையின் தடிப்பு

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு படத்தில் அகலம் மட்டும்தான் தெரியும், ஒரே அகலமுள்ள இரண்டு கையில் ஒன்று மெலிந்ததாகவும் மற்றது பொத்தென்றும் இருக்கலாம், அது மேலிருந்து தெரியாது. அதனால் அதே மடக்கிய நிலையிலேயே கையைத் திருப்பி, சின்னவிரல் பக்கம் மேசையில் படும்படி நிமிர்த்தி வைத்து, மேலிருந்து இன்னொரு படம். இப்போது புறங்கைக்கும் பெருவிரலுக்கும் இடைப்பட்ட தடிப்புத் தெரியும். இந்த முறை கையின் நடுப்பகுதி இன்னும் உயரத்தில் இருப்பதால் அட்டைக்கு அடியில் இரண்டு தீப்பெட்டி வேண்டும். இதை எடுக்கும்போது பெருவிரல் மெல்ல வெளியே நழுவும், கவனம். நழுவினால் தடிப்பு அரைச் சென்ரிமீற்றர் கூடிவிடும்.

அகலத்தை எந்த மொளி வரிசையில் அளக்கிறீர்களோ தடிப்பையும் அதே கோட்டில் அளவுங்கள். உள்ளங்கையின் அடியில் பெருவிரல் சதை புடைத்திருக்கும் இடத்தில் அளந்தால் அளவு கூடிவிடும்.

கணக்கு

போன் திரையில் படத்தைத் திறந்து, இனிப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ செய்யாமல், அடிமட்டத்தைத் திரையின் மேல் வைத்து அட்டையின் நீளத்தையும் கையையும் அளவுங்கள். கையின் அளவை அட்டையின் அளவால் வகுத்து 85.6ஆல் பெருக்கினால் உண்மையான அளவு வரும்.

தம்பிலுவில் பிள்ளைக்கே இரண்டாவது முறை எடுத்த படங்களின் கணக்கைத் தருகிறேன். முதல் படத்தில் திரையில் அட்டை 60 மில்லிமீற்றர், மொளி வரிசை 47. 47ஐ 60ஆல் வகுத்து 85.6ஆல் பெருக்கினால் 67. இரண்டாவது படத்தில் அட்டை 58, தடிப்பு 32, கணக்குப் போட்டால் 47. மடக்கிய கை கிட்டத்தட்ட ஒரு நீள்வட்டம், காப்பு ஏறும்போது சதை நெருங்கி அதை வட்டமாக்கப் பார்க்கும். அதனால் இரண்டு அளவையும் கூட்டிப் பாதியாக்கினால் தேவையான உள்விட்டம் வந்துவிடும். 67உம் 47உம் சேர்ந்து 114, பாதி 57. பட்டியலில் 2.4. நான் முதலில் அனுப்பியது 2.10, மூன்று சைஸ் பெரிது! விரித்த கை என்னை அவ்வளவு ஏமாற்றியிருக்கிறது.

இவ்வளவு சுத்தமாக எப்போதும் வராது, 58.8 மாதிரி இரண்டு சைஸுக்கு நடுவில் விழும். அப்போது கையின் சாயலைப் பார்க்க வேண்டும். புறங்கையில் நரம்பும் மொளியும் தனித்தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தால் அது எலும்புக் கை, நெருக்கினாலும் சுருங்காது, பெரிய சைஸுக்குப் போங்கள். மொளி இருக்கும் இடத்தில் குழி விழுகிற சதைப்பிடிப்பான கை என்றால் இரண்டு மூன்று மில்லிமீற்றர் விட்டுக்கொடுக்கும், சின்ன சைஸே ஏறும். ஆனால் கண்ணாடி என்றால் சதைக் கைக்கும் நான் பெரியதையே கொடுப்பேன். மெல்லிய தங்கக் காப்பு நெருக்கினால் கொஞ்சம் வளையும், கண்ணாடி உடைந்து கையைக் கிழிக்கும்.

படம் எடுத்த நேரத்தையும் கேளுங்கள். வெயிலில் திரிந்துவிட்டு வந்த பின்னேரக் கை காலையில் இருந்ததை விட வீங்கி இருக்கும். வளைகாப்புக்கு வாங்குகிறவர்கள், வயிற்றில் பிள்ளை வருமுன் எடுத்த பழைய அளவை நம்பவே வேண்டாம், அந்த வாரமே படம் எடுங்கள்.

இனி மணிக்கட்டு: எந்த மாதிரிக் காப்பு?

சைஸை மொளி முடிவு செய்தது. ஸ்டைலை மணிக்கட்டு முடிவு செய்யும். அதே இரண்டு படத்திலும் மணிக்கட்டின் அகலத்தையும் தடிப்பையும் அளந்து, அதையும் கூட்டிப் பாதியாக்குங்கள். நம் பிள்ளைக்கு அகலம் 48, தடிப்பு 36, பாதி 42. காப்பின் விட்டம் 57. ஆகவே கையில் ஏறிய பிறகு 15 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கும்.

இந்த இடைவெளிதான் எனக்கு எல்லாம் சொல்கிறது. எட்டு மில்லிமீற்றருக்குள் இருந்தால் காப்பு வைத்த இடத்தில் நிற்கும், ஒற்றைக் காப்பு போட்டாலும் அழகு. பன்னிரண்டைத் தாண்டினால் அகன்ற மொளி, மெலிந்த மணிக்கட்டு என்று அர்த்தம், அப்படிப்பட்ட கையில் பாரமான ஒற்றைக் காப்பு புறங்கைக்கு இறங்கி, எழுதும்போதும் மீன் வெட்டும்போதும் இடித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கைக்கு இரண்டு வழி. மூன்று மில்லிமீற்றர் அகல மெல்லிய காப்பை டசினாகப் போட்டால் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு முன்கையில் நான்கு சென்ரிமீற்றர் வரை ஏறி நிற்கும். அப்படி இல்லாவிட்டால் ஆணி போட்டுத் திறக்கும் காப்பு. அது மொளியைக் கடக்கத் தேவையில்லை, மணிக்கட்டுக்கே அளவாகச் செய்யலாம். மணிக்கட்டின் சராசரி 42ஐ 3.14ஆல் பெருக்கினால் சுற்றளவு 13 சென்ரிமீற்றர் சொச்சம், அதற்கு மேல் ஒரு சென்ரிமீற்றரோ ஒன்றரையோ விட்டு 14.5 என்று பத்தரிடம் சொன்னால் போதும். வட்டமாக வேண்டாம், மணிக்கட்டு தட்டையானது, நீள்வட்டமாகச் செய்யச் சொல்லுங்கள், திரும்பாமல் நிற்கும்.

மேலிருந்து எடுத்த படத்தில் இன்னொன்றும் பாருங்கள். மணிக்கட்டின் சின்னவிரல் பக்கம் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். சிலருக்கு அது தெரியவே தெரியாது, சிலருக்குச் சுண்டங்காய் அளவு துருத்தும். துருத்தும் கைக்கு ஒரு சென்ரிமீற்றரை விட அகலமான பட்டைக் காப்பு கொடுக்காதீர்கள், அதன் ஓரம் எலும்பில் உரசி இரண்டு நாளில் சிவந்துவிடும். பட்டைக் காப்பு மொளியைக் கடப்பதும் கஷ்டம், மெல்லியது ஒரு மாதிரிச் சரித்துச் சரித்து ஏறும், பட்டை நேராகத்தான் போகும், அதனால் அதற்கு ஒரு சைஸ் கூட்டியே எடுங்கள்.

தங்கம் என்றால் வயதையும் பார்க்க வேண்டும். தம்பிலுவில் பிள்ளைக்குப் பதின்மூன்று வயது, கை இன்னும் வளரும். கண்ணாடியில் 2.4 சரி, உடைந்தால் வேறு வாங்கலாம். மாமி தங்கத்திலும் ஒரு சோடி மூடிய காப்பு செய்ய நினைத்தார், நான் 2.6 என்று சொன்னேன். "இப்ப லூசா இருக்குமே" என்றார். இருக்கும், அதனால்தான் தங்கத்தைக் கண்ணாடிக் காப்புகளுக்கு நடுவில் போடச் சொன்னேன், இரண்டு பக்கமும் கண்ணாடி பிடித்துக்கொள்ளும்.

பழைய படம் மட்டும்தான் இருக்கிறது என்றால்

அன்பளிப்பாகத் தெரியாமல் வாங்க வேண்டும், அட்டை வைத்துப் படம் எடுக்கச் சொல்ல முடியாது என்பார்கள். கலியாண வீட்டுப் படம் ஒன்று இருக்கும். அதில் அவர் காப்பு போட்டிருந்தால் அதே காப்பின் சைஸை வீட்டில் யாரிடமாவது கேட்பதுதான் முதல் வழி. கேட்க முடியாவிட்டால், கை எந்தப் பக்கம் சரிந்திருந்தாலும் படத்தில் தெரியும் காப்பு நீள்வட்டத்தின் நீளமான விட்டம் மட்டும் சுருங்காது, சரிவு குறுகிய விட்டத்தைத்தான் சுருக்கும். அதே கையில் அளவு தெரிந்த மணிக்கூடோ, கையில் பிடித்த போனோ இருந்தால் அந்த நீள விட்டத்தை ஒப்பிட்டு அளக்கலாம். வருவது வெளிவிட்டம், காப்பின் தடிப்பை இரண்டு முறை கழிக்க வேண்டும். இப்படி எடுத்த அளவு ஒரு சைஸ் முன்பின் போகும் என்று நான் முன்கூட்டியே சொல்லிவிடுவேன், மூடிய கண்ணாடிக் காப்பு அனுப்ப மாட்டேன், திறக்கும் காப்புதான்.

இரண்டாவது பார்சல் போய்ச் சேர்ந்த அன்று பிள்ளையின் தாய் போன் எடுத்தார். "அக்கா, இடக்கைக்கு அச்சா மாதிரி ஏறிட்டு. வலக்கைக்கு மொளியில நிக்குதுகா, என்ன செய்ய?" படங்களைத் திரும்பப் பார்த்தேன், இரண்டும் இடக்கை. எழுதுகிற கை ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கும், அதைக் கேட்க மறந்திருக்கிறேன். மெல்லிய சொப்பிங் பேக் ஒன்றைக் கையில் மாட்டி அதன் மேலால் காப்பை வழுக்கிவிட்டு, பிறகு பேக்கை விரல் பக்கமாக உருவி எடுக்கச் சொன்னேன், ஏறிவிட்டது. இப்போது எந்தக் கை என்று கேட்காமல் அடிமட்டத்தை எடுப்பதில்லை, இரண்டு கைக்கும் என்றால் வலக்கைப் படத்தைத்தான் கேட்கிறேன், இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் என்றால் மாற்றி.